மூன்றரை லட்சத்தில் பழைய கார்: சொல்லும் விலையும் வந்து சேரும் விலையும்

கையில் மூன்றரை லட்சம் இருக்கிறது என்று மூன்றரை லட்சத்துக்கே கார் தேடினால், முதல் மாதத்திலேயே யாரிடமாவது கைமாற்று வாங்க வேண்டி வரும். பழைய கார் வாங்கியதும் பேர் மாற்றம், இன்சூரன்ஸ், டயர், பேட்டரி என்று ஒன்றன்பின் ஒன்றாக வரிசை கட்டி வரும். அதனால் விற்பவர் சொல்லும் விலைகளை ஒன்றோடொன்று ஒப்பிடுவதில் பயனில்லை. வண்டி நம் பேரில், ஓடும் நிலையில், இன்சூரன்ஸோடு வாசலில் நிற்க எவ்வளவு ஆகிறது என்பதைத்தான் ஒப்பிட வேண்டும். அப்படிக் கணக்குப் போட்டால் மலிவான வண்டி எது என்ற பதிலே பல சமயம் மாறிவிடும்.

தமிழ்நாட்டில் இந்தப் பட்ஜெட்டில் வழக்கமாக எதிர்ப்படும் மூன்று வகை வண்டிகளை எடுத்துக்கொள்வோம். விலைகள் கணக்குக்காக வைத்துக்கொண்டவை. ஊருக்கு ஊர் கொஞ்சம் ஏறும், இறங்கும்.

முதலாவது 2014 மாடல் வேகன் ஆர் பெட்ரோல். ஒரே ஓனர், 68,000 கிலோமீட்டர், ஓனரே நேரடியாக விற்கிறார், விலை 2,95,000. இரண்டாவது 2012 மாடல் ஸ்விஃப்ட் டீசல். கார் கன்சல்டிங்கில் நிற்கிறது, மூன்றாவது ஓனர், மீட்டர் 1,30,000 காட்டுகிறது, விலை 2,75,000. மூன்றாவது தவணை கட்டாததால் வங்கி எடுத்து ஏலத்துக்கு விட்டிருக்கும் 2016 மாடல் வேகன் ஆர். எட்டு மாதமாக யார்டில் வெயிலில் நிற்கிறது, ஏலத்தில் 2,40,000க்கு முடியும் என்று வைத்துக்கொள்வோம்.

முதல் பார்வைக்கு ஏல வண்டிதான் யோகம். இரண்டு வருடம் புதுசு, அதுவும் 55,000 ரூபாய் குறைவு.

பார்த்து வாங்குவதற்கு ஆகும் செலவு

தெரிந்த மெக்கானிக்கை அழைத்துப் போனால் ஆயிரத்திலிருந்து இரண்டாயிரம் வரை கேட்பார். ஸ்கேனர் வைத்துப் பார்க்கவும் லிஃப்டில் ஏற்றிப் பார்க்கவும் இன்னும் ஆயிரம் ஆகும். மொத்தச் செலவில் மிகச் சிறிய தொகைகளில் ஒன்று இது, ஆனால் பலர் கைவைப்பதும் இதில்தான். மெக்கானிக்கை அழைத்துப் போவதற்கு முன் நாமே அரை மணி நேரம் பார்த்தால், பாதி வண்டிகளை அங்கேயே கழித்துவிடலாம். அந்தக் கூலியும் மிஞ்சும்.

இன்ஜின் சூடாகாமல் இருக்கும்போது போக வேண்டும், இதை முன்கூட்டியே போனில் சொல்லிவிடுங்கள். நாம் போய்ச் சேரும்போது பானெட் சுடுகிறது என்றால், காலையில் ஸ்டார்ட் ஆக அடம்பிடிப்பதையோ புகை வருவதையோ மறைக்க முன்பே ஓட்டி வைத்திருக்கிறார்கள் என்று சந்தேகப்படலாம். ஸ்டார்ட் செய்து ஐடிலில் விட்டு, ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து அந்த வாயின் மேலேயே தளர வையுங்கள். மெல்ல ஆடினால் பரவாயில்லை. மூடி துள்ளி விழுந்தாலோ, ரயில் இன்ஜின் மாதிரி விட்டு விட்டுப் புகை வந்தாலோ அது பேக் கம்ப்ரஷன். பிஸ்டன் ரிங்கும் சிலிண்டர் சுவரும் தேய்ந்து, எரிந்த வாயு கீழே கசிகிறது. ஸ்விஃப்ட் டீசலில் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும், ஏனென்றால் அந்த இன்ஜினை அவிழ்த்தால் சேமித்த பணமெல்லாம் அதற்கே போய்விடும். மூடியின் உட்புறம் பால்கோவா நிறத்தில் ஏதாவது ஒட்டியிருந்தால் ஆயிலில் தண்ணீர் கலக்கிறதா என்று விசாரியுங்கள். ஹெட் கேஸ்கெட் போயிருக்கலாம்.

அடிபட்ட வண்டியா என்பதைப் பெயின்டைவிட போல்ட்டுகள் சரியாகச் சொல்லும். முன் ஃபெண்டரையும் பானெட் கீலையும் பிடித்திருக்கும் போல்ட் தலைகளில் கம்பெனிப் பெயின்ட் முழுசாக இருக்க வேண்டும். ஸ்பேனர் பட்டு ஓரம் உரிந்திருந்தால் அந்தப் பாகத்தைக் கழற்றியிருக்கிறார்கள். ஃபெண்டர் மாற்றியது பெரிய குற்றமில்லை, நம் ஊர் டிராஃபிக்கில் உரசாத வண்டி அபூர்வம். ஆனால் பானெட்டுக்குள் இருபக்கமும் ஓடும் ஏப்ரனிலும், கதவு ரப்பரை இழுத்தால் தெரியும் பில்லரிலும் கம்பெனி போட்ட வட்ட ஸ்பாட் வெல்டுக்குப் பதிலாகக் கையால் வைத்த வெல்டிங் தெரிந்தால், விலை பேசாமல் திரும்பிவிடுவது நல்லது. எல்லாக் கண்ணாடிகளின் மூலையிலும் கம்பெனிப் பேரும் வருடக் குறியும் இருக்கும். ஒரே ஒரு கண்ணாடி மட்டும் வேறு கம்பெனி என்றால் அந்தப் பக்கத்தை இன்னொரு முறை பாருங்கள்.

சென்னை வண்டி என்றால் வெள்ளம் பார்த்ததா என்பது தனிக் கேள்வி. 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் அங்கே ஏராளமான கார்கள் மூழ்கின. சீட்டைத் துவைத்துவிடலாம், சென்ட் அடித்துவிடலாம். ஆனால் சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்தால், உள்ளே சுருண்டிருந்த பகுதியில் சேற்றுக் கோடு அப்படியே இருக்கும். சீட்டுக்கு அடியில் தண்டவாளத்தில் துரு, ஸ்டெப்னி வைக்கும் குழியில் மணல், ஹெட்லைட்டுக்குள் ஈரம் இவையும் கூடவே இருந்தால் முடிவு தெரிந்ததுதான். மூழ்கிய வண்டியின் ஒயரிங் உடனே போகாது. கனெக்டர்களில் பச்சை ஏறி, ஆறு மாதம் கழித்து ஒவ்வொன்றாகத் தொல்லை கொடுக்கும்.

மீட்டரைத் திருப்புவது சுலபம், தேய்ந்ததைத் திருப்ப முடியாது. 50,000 ஓடியதாகச் சொல்லும் வண்டியில் கிளட்ச் பெடலின் ரப்பர் வழவழவென்றும், ஸ்டியரிங் தோல் பளபளவென்றும் இருந்தால் கணக்கு இடிக்கிறது. அந்தக் கம்பெனி சர்வீஸ் சென்டரில் ஓனரை வைத்துக்கொண்டே சர்வீஸ் ஹிஸ்டரி கேளுங்கள். ஒவ்வொரு சர்வீஸிலும் கிலோமீட்டர் பதிவாகியிருக்கும். ஸ்கேனர் போடும்போது எரர் கோட் எதுவும் இல்லை என்பதோடு திருப்தி அடைய வேண்டாம். வண்டியின் கம்ப்யூட்டர் தானே செய்யும் சுய சோதனைகள் முடிந்தனவா என்றும் மெக்கானிக்கைப் பார்க்கச் சொல்லுங்கள். பெரும்பாலானவை முடியவில்லை என்று காட்டினால், சற்று முன்புதான் எரர் கோட்களை அழித்திருக்கிறார்கள் அல்லது பேட்டரியைக் கழற்றி மாட்டியிருக்கிறார்கள்.

இந்தச் சோதனைகள் அத்தனையும் வேகன் ஆர் ஓனரிடம் நடக்கும். கன்சல்டிங்கில் முக்கால்வாசி நடக்கும், லிஃப்டுக்குக் கொண்டுபோக மட்டும் முகம் சுளிப்பார்கள். ஏல யார்டில் வண்டியைச் சுற்றிப் பார்க்கலாம், சில இடங்களில் ஸ்டார்ட் செய்தும் காட்டுவார்கள். ஆனால் ரோட்டில் ஓட்டிப் பார்க்கப் பொதுவாக விடமாட்டார்கள். கியர் பாக்ஸ் சத்தம், கிளட்ச் வழுக்கல், ஸ்டியரிங் இழுப்பு எல்லாம் பணம் கட்டிய பிறகுதான் தெரியும். ஏல விலை குறைவதற்கு முக்கியக் காரணமே இதுதான், அதை மறந்துவிட்டு விலையை மட்டும் பார்க்கக் கூடாது.

பேர் மாற்றம்

இதில் அரசாங்கக் கட்டணம் மிகக் குறைவு. காருக்குப் பேர் மாற்றம் 300 ரூபாய், ஸ்மார்ட் கார்டு 200 ரூபாய், கூடக் கொஞ்சம் சேவைக் கட்டணம். கடன் போட்டு வாங்கினால் ஆர்சியில் வங்கி பேரை ஏற்ற 1,500 ரூபாய் தனி. ஏஜென்ட் கேட்கும் மூவாயிரமும் ஆறாயிரமும் அவருடைய கூலியும் அலைச்சலும்தான், கட்டணம் அல்ல. கன்சல்டிங்கில் பேர் மாற்றம் விலையில் சேர்ந்ததா என்று முதலிலேயே கேட்டு எழுதி வாங்குங்கள். பேரம் முடிந்த பிறகு அது தனி என்று சொல்வது அங்கே வாடிக்கை.

பணத்தைவிடத் தாள்கள்தான் இங்கே முக்கியம். விற்பவர் ஃபார்ம் 29, வாங்குபவர் ஃபார்ம் 30, பழைய கடன் இருந்தால் வங்கியின் என்ஓசியோடு ஃபார்ம் 35. நம் உதாரண வேகன் ஆரில் கடன் முடிந்து பல வருடம் ஆகிறது, ஆனால் ஆர்சியில் ஹெச்.பி. என்ற வங்கிக் கடன் பதிவு இன்னும் நீக்கப்படவில்லை. இது ரொம்பச் சாதாரணம். கடைசித் தவணை கட்டியதும் எல்லாம் முடிந்தது என்று ஓனர் நினைத்திருப்பார். வங்கி கொடுத்த என்ஓசிக்கு வழக்கமாக மூன்று மாதக் கெடு இருக்கும், அது தாண்டியிருந்தால் புதுசாக வாங்க வேண்டும். அதை வாங்கிவந்த பிறகுதான் முழுப் பணம் என்று பேசுங்கள். அட்வான்ஸ் மட்டும் கொடுத்து வைக்கலாம்.

கன்சல்டிங் வண்டியில் பார்க்க வேண்டியது வேறு. ஆர்சியில் இருக்கும் ஓனர் வெற்றுப் ஃபார்மில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டுப் போயிருப்பார். வண்டி அதே தாளோடு இரண்டு மூன்று கை மாறியிருக்கும். ஆர்டிஓ நடைமுறை ஆன்லைனுக்குப் போன பிறகு, ஆர்சியில் பதிவான ஓனரின் மொபைலுக்கு ஓடிபி போகிறது. அவர் நம்பர் மாற்றியிருந்தாலோ, வெளிநாட்டில் இருந்தாலோ, இறந்தே போயிருந்தாலோ தாள் அங்கேயே நிற்கும். இறந்தவர் பேரில் உள்ள வண்டிக்கு ஃபார்ம் 29 செல்லாது. ஃபார்ம் 31 போட்டு, வாரிசுச் சான்றோடு முதலில் வாரிசு பேருக்கு மாற்றிய பிறகுதான் நமக்கு வரும். எனவே கன்சல்டிங்காரரிடம் ஒரே ஒரு கேள்வி போதும்: ஆர்சி ஓனரிடம் இப்போதே போனில் பேச முடியுமா? மழுப்பினால் அடுத்த வண்டியைப் பார்க்கலாம். 2023 ஏப்ரல் முதல் பழைய வண்டி டீலர்களுக்கு ஆர்டிஓவின் அங்கீகாரச் சான்று தேவை. அது இருக்கிறதா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஏல வண்டியில் ஓனர் கையெழுத்தே கிடைக்காது, மனம் வெறுத்துப் போயிருப்பார். அதனால் வங்கி ஃபார்ம் 36 போட்டு ஆர்சியைத் தன் பேருக்கு வாங்கி, அங்கிருந்து நமக்கு மாற்ற வேண்டும். இது வாரக் கணக்கில் முடிந்தால் அதிர்ஷ்டம், மாதக் கணக்கிலும் இழுக்கும். அதுவரை வண்டி வீட்டில் நிற்கும், பணம் முடங்கிக் கிடக்கும்.

மூன்றுக்கும் பொதுவாக, mParivahan செயலியில் நம்பரைப் போட்டு ஆர்சி நிலை, இன்சூரன்ஸ் தேதி, கடன், எத்தனையாவது ஓனர் என்பதைப் பாருங்கள். echallan.parivahan.gov.in தளத்தில் அபராதப் பாக்கியைப் பாருங்கள். ஏல வண்டியில் பழைய அபராதம் வாங்குபவர் தலையில்தான் என்று விதிமுறையிலேயே எழுதியிருப்பார்கள்.

இன்னொரு கணக்கையும் இங்கேயே சேர்க்க வேண்டும். சொந்த உபயோகக் காருக்கு ஆர்சி 15 வருடம். 2012 ஸ்விஃப்டுக்கு அது 2027-ல் முடிகிறது. அப்போது எஃப்சி எடுத்துப் புதுப்பிக்க வேண்டும். 2022 ஏப்ரலில் மத்திய அரசு ஏற்றிய கட்டணப்படி காருக்குப் புதுப்பிப்புக் கட்டணம் மட்டுமே 5,000 ரூபாய். அதோடு பசுமை வரி, எஃப்சிக்கு முன் டிங்கரிங், பெயின்ட் வேலை எல்லாம் உண்டு. 2014 வண்டிக்கு அதே செலவு 2029-ல்.

இன்சூரன்ஸ்

இதில் பெரும்பாலானவர்கள் கவனிக்காமல் விடும் விஷயம் ஒன்று உண்டு. வண்டி கைமாறினால் தேர்ட் பார்ட்டி பாதுகாப்பு சட்டப்படி தானாக வாங்கியவருக்குப் போகும். சொந்த வண்டியின் சேதத்துக்கான பாதுகாப்பு அப்படிப் போகாது. 14 நாளுக்குள் இன்சூரன்ஸ் கம்பெனியில் விண்ணப்பித்துப் பாலிசியையும் நம் பேருக்கு மாற்ற வேண்டும். ஆர்சி நம் பேரில், பாலிசி பழைய ஓனர் பேரில் என்ற நிலையில் வண்டி இடித்துவிட்டால், சேதத்துக்கான கிளெய்ம் தள்ளுபடி ஆகும்.

பழைய ஓனருக்குக் கிடைத்த நோ கிளெய்ம் போனஸ் அவரோடு போய்விடும், அது ஆளுக்குச் சொந்தம், வண்டிக்கு அல்ல. அவருக்கு 50 சதவீதத் தள்ளுபடி இருந்திருந்தால், மீதி மாதங்களுக்கான அந்த வித்தியாசத்தை நாம் கட்ட வேண்டும். நம் வேகன் ஆரில் பாலிசி இன்னும் ஐந்து மாதம் இருக்கிறது. மாற்றுக் கட்டணமும் வித்தியாசமும் சேர்ந்து 1,500 ரூபாயில் முடியும் என்று வைக்கலாம்.

மற்ற இரண்டுக்கும் இன்சூரன்ஸ் முடிந்துவிட்டது. முடிந்த வண்டிக்கு முழு பாலிசி வேண்டுமானால் கம்பெனி ஆளோ செயலியோ வண்டியைப் பார்த்த பிறகுதான் கொடுப்பார்கள். தேர்ட் பார்ட்டி பிரீமியத்தை இன்ஜின் சிசி தீர்மானிக்கிறது. 2022 ஜூனில் வந்த கட்டணப்படி 1,000 சிசி வரை 2,094 ரூபாய், 1,000 முதல் 1,500 சிசி வரை 3,416 ரூபாய். வேகன் ஆர் 998 சிசி, ஸ்விஃப்ட் டீசல் 1,248 சிசி. ஒவ்வொரு வருடமும் வரும் வித்தியாசம் இது. சொந்தச் சேதத்துக்கான பிரீமியம், ஓனருக்கான விபத்துக் காப்பு, 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்தால் ஸ்விஃப்டுக்கு சுமார் 9,700, ஏல வேகன் ஆருக்கு சுமார் 7,600 வரும்.

பத்து வருடம் தாண்டிய வண்டிக்கு முழு பாலிசி தேவையா என்று கேட்டால், முதல் வருடம் மட்டும் எடுப்பது நல்லது. புது வண்டி கைக்குப் பழகும்வரைதான் உரசல் அதிகம். ஆனால் தேய்மானம் கழிக்காமல் பணம் தரும் ஜீரோ டெப் இந்த வயதுக்குப் பெரும்பாலும் கிடைக்காது. பம்பர் மாதிரி பிளாஸ்டிக் பாகத்துக்குப் பாதிப் பணம்தான் வரும் என்பதையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் மூன்று மாத வேலைகள்

எந்தப் பழைய வண்டியையும் வாங்கிய வாரமே இன்ஜின் ஆயில், ஆயில் ஃபில்டர், ஏர் ஃபில்டர், கூலன்ட், பிரேக் ஆயில் மாற்ற வேண்டும். போன மாதம்தான் மாற்றினோம் என்று சொன்னாலும் மாற்றுங்கள். பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். பழசானால் மலைப்பாதையில் இறங்கும்போது கொதித்துப் பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போய்விடும். கூலன்டுக்குப் பதில் பல வண்டிகளில் வெறும் குழாய்த் தண்ணீர்தான் இருக்கும்.

டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் பொறித்திருக்கும். 1819 என்றால் 2019-ம் வருடம் 18-வது வாரம். பட்டன் எவ்வளவு இருந்தாலும் ஆறு வருடம் தாண்டிய டயரை மாற்றும் செலவை விலையிலேயே கழித்துப் பேசுங்கள். வேகன் ஆர் ஓனர் வண்டியில் இரண்டு டயர், ஒரு பேட்டரி, முன் பிரேக் பேட், ஆயில் வேலை சேர்த்து 17,500 வரும்.

ஸ்விஃப்டில் டீசல் ஃபில்டரோடு ஆயில் வேலை 7,000, நான்கு டயர் 17,000, லோயர் ஆர்ம், ஷாக் அப்சார்பர் வேலை 10,000. 1,30,000 கிலோமீட்டரில் கிளட்ச் செட் இன்னும் மாற்றவில்லை என்றால் கூலியோடு 12,000. நான்காவது கியரில் மெதுவாகப் போய்ச் சட்டென்று ஆக்சிலரேட்டரை மிதித்தால், இன்ஜின் மட்டும் இரைந்து வேகம் ஏறாமல் இருந்தால் கிளட்ச் முடிந்தது. இன்ஜெக்டர், டர்போ இரண்டையும் இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. வந்தால் ஒவ்வொன்றும் பத்தாயிரங்களில்தான் வரும்.

ஏல வண்டியின் வியாதி வேறு. அது ஓடித் தேய்ந்ததல்ல, நின்று கெட்டது. பேட்டரி செத்திருக்கும். நான்கு டயரும் ஒரே இடத்தில் அழுந்தி வெடிப்பு விட்டிருக்கும். பின் பிரேக் வீல் சிலிண்டர் இறுகியிருக்கும். டேங்கில் பெட்ரோல் கெட்டிருக்கும், எலி ஒயரைக் கடித்திருக்கும். ஏசி கேஸ் கசிந்திருக்கும், ஒரே சாவிதான் வரும். இதெல்லாம் சேர்த்து 37,500 வைக்கலாம்.

இப்போது மொத்தம்:

| | வேகன் ஆர் 2014, ஓனர் | ஸ்விஃப்ட் டீசல் 2012, கன்சல்டிங் | வேகன் ஆர் 2016, ஏலம் |
|---|---|---|---|
| விலை | 2,95,000 | 2,75,000 | 2,40,000 |
| பார்வை | 2,000 | 3,000 | 1,500 |
| ஏலக் கட்டணம், டோயிங், அபராதப் பாக்கி | 0 | 0 | 14,000 |
| பேர் மாற்றம் (ஏஜென்டோடு) | 3,500 | 6,000 | 5,000 |
| இன்சூரன்ஸ் | 1,500 | 9,700 | 7,600 |
| வேலைகள் | 17,500 | 46,000 | 37,500 |
| மொத்தம் | 3,19,500 | 3,39,700 | 3,05,600 |

விலையில் 20,000 மலிவாகத் தெரிந்த ஸ்விஃப்ட் கடைசியில் 20,200 அதிகம். ஏல வண்டியின் 55,000 லாபம் 13,900 ஆகச் சுருங்கிவிட்டது. முதல் வண்டிக்கு ஐந்து மாதம் கழித்து இன்சூரன்ஸ் வரும் என்பதையும் நினைவில் வையுங்கள், அப்போது ஏல வண்டியோடு உள்ள வித்தியாசம் சுமார் ஏழாயிரம் கூடும்.

டீசலுக்காக ஒரு வாதம் உண்டு. பெட்ரோல் லிட்டர் 101 ரூபாய், டீசல் 92 ரூபாய் என்றும், வேகன் ஆர் 17, ஸ்விஃப்ட் 20 கிலோமீட்டர் தரும் என்றும் வைத்தால், கிலோமீட்டருக்கு ஒரு ரூபாய் முப்பது பைசா போல மிஞ்சும். அந்த 20,200 ரூபாயைத் திரும்ப எடுக்க ஏறத்தாழ 15,000 கிலோமீட்டர் ஓட்ட வேண்டும். மாதம் 1,500 ஓட்டுபவருக்குப் பத்து மாதத்தில் வந்துவிடும். மாதம் 400 ஓட்டும் குடும்பத்துக்கு மூன்று வருடம் ஆகும், அதற்குள் 2027 எஃப்சி செலவு வந்துவிடும். எனவே தினமும் நீண்ட தூரம் போகிறவர் தவிர மற்றவர்கள் இந்த ஸ்விஃப்டை விட்டுவிடலாம். விலையை 2,40,000க்குக் குறைத்தால் மறுபடி யோசிக்கலாம்.

ஏல வண்டி யாருக்கு? கூடவே வந்து பார்க்கும் மெக்கானிக், வண்டி இல்லாமல் சில மாதம் தள்ளும் வசதி, கணக்குக்கு மேல் 50,000 கையில் இவை மூன்றும் இருப்பவருக்கு. நம் 3,50,000ல் 3,05,600 போனால் மீதி 44,400. கியர் பாக்ஸ் போனால் கிட்டத்தட்ட அதுவும் காலி. முதல் முறை கார் வாங்குபவருக்கு 13,900 ரூபாய்க்காக இந்த ஆபத்து தேவையில்லை. ஓனரிடம் இருக்கும் 2014 வேகன் ஆரே போதும். அதிலும் டயர், பேட்டரியைக் காட்டிப் பேசினால் பத்தாயிரம் குறைக்க இடம் உண்டு.

பணம் கொடுக்கும் நாளில் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். பணத்தை வங்கி வழியாகவே கொடுங்கள். ஆர்சி நம் பேரில் வரும்வரை 10,000 ரூபாயை நிறுத்தி வைப்பதாகத் தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். வண்டியை ஒப்படைத்த தேதியோடு மணியையும் எழுத வேண்டும். அதற்கு முந்தைய அபராதமும் விபத்தும் விற்றவர் பொறுப்பு, பிந்தையது நம் பொறுப்பு. பழைய ஓனரின் ஃபாஸ்டேக்கை அன்றே அவரை ரத்து செய்யச் சொல்லி, ஸ்டிக்கரைக் கண்ணாடியிலிருந்து கிழித்துவிடுங்கள்.